மாற்று விளக்கத்தால் வலிமை பெறும் கட்டுரை

பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர் நீக்குதலை எழுவகை மதங்களுள் ஒன்றாக நன்னூல் கூறுகிறது. கட்டுரைக்கும் இது பொருந்தும்.

பழனிசெட்டிபட்டி மாணவி ஒருத்தி, சித்திரை முழுநிலவில் மங்கலதேவி மலையிலுள்ள கண்ணகி கோயிலுக்குச் சென்று வந்தபின், சிலப்பதிகாரம் பற்றிக் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். ‘கோவலன் கொலைக்கு, ஆராயாது ஆணையிட்ட பாண்டியனே பொறுப்பு’ என்பது அவள் கருத்து.

ஊழ்வினையே கோவலனைக் கொன்றது என்பது மாற்று விளக்கம். மதுராபதித் தெய்வம் அவனது முற்பிறப்பைக் கூறுகிறது. பதிகமும் ஊழின் ஆற்றலைச் சுட்டுகிறது. இச்சான்றுகளை மறைத்தால், காப்பியம் கற்றவர் கட்டுரையை நம்பார். ‘ஊழுக்கு இடமில்லை’ என மறுத்தாலோ பதிகமே கட்டுரையை வீழ்த்திவிடும்.

ஆகவே, மாணவி ஊழின் பங்கை ஒப்புக்கொள்கிறாள். பின்னர், தெய்வம் கூறிய கதையையே கூர்ந்து நோக்குகிறாள். முற்பிறப்பில் பரதனாக இருந்த கோவலன், அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொலைக்கு ஆளாக்கினான். ஊழாய் வந்த அவ்வினையும் ஆராயாமல் நிகழ்ந்த கொலையே! உண்மை அறிந்த பாண்டியனும் ஊழின்மேல் பழிபோடாது, தன்னையே கள்வன் எனக் கூறி உயிர்துறந்தான்.

இவ்வாறு மறுப்புக்கு உரிய சான்றே அவள் கருத்துக்குத் துணையாகிறது, முடிவும் கூர்மை பெறுகிறது: ‘ஊழ் கோவலன் வீழ்ந்ததை விளக்குகிறது, மன்னனின் பிழையை நீக்கவில்லை.’