கம்யூட்டேஷன்: மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா?

தேவிகுளம் தாலுக்கா ஆபீஸில் ஓய்வு பெறுபவரும், மூணாறு தபால் ஆபீஸில் ஓய்வு பெறுபவரும் ஒரே கேள்வியோடு நிற்கிறார்கள். பென்ஷனில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகை வாங்கலாமா? பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. இருவருக்கும் ஒரே விடை கிடையாது.

தபால்காரரின் கணக்கை முதலில் போடுவோம். அடிப்படை பென்ஷன் 20,000 ரூபாய் என்றால் விட்டுக்கொடுப்பது மாதம் 8,000. 60 வயதில் மத்திய அரசின் காரணி 8.194. எனவே கையில் வருவது 8,000 × 12 × 8.194 = 7,86,624 ரூபாய். 15 வருடம் கழிந்ததும் அந்த 8,000 திரும்பக் கிடைக்கும். அகவிலைப்படி முழு பென்ஷனுக்கே வருவதால், விட்டுக்கொடுப்பது வளராத 8,000 மட்டுமே.

180 மாதத்தைப் பெருக்கி, "14,40,000 போகிறதே" என்று பதறுபவர்கள் உண்டு. பத்து வருடம் கழித்து வரும் 8,000 இன்றைய 8,000 ஆகாது. அதை உங்கள் வட்டி விகிதத்தால் கழித்துத்தான் இன்றைய மதிப்பைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, உங்கள் விகிதத்தை முடிவு செய்யுங்கள். அடைக்க வேண்டிய கடன் இருந்தால் அதன் வட்டிதான் உங்கள் விகிதம். கடன் இல்லையென்றால், பணத்தை உண்மையில் எங்கே போடுவீர்களோ அந்த வட்டி. கனவில் வரும் லாபத்தை எழுதாதீர்கள். கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பிறகு எக்செல்லில் அடியுங்கள்:

```
=PV(0.12/12,180,-8000)
```

நகைக்கடன் வட்டி 12 சதவீதம் என்றால் சுமார் 6,66,600 வரும். மொத்தத் தொகை அதைவிடப் பெரியது, வாங்கலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் 8.2 சதவீதத்தைப் போட்டால் சுமார் 8,27,000. மாத பென்ஷனே மேல். இரண்டும் சமமாவது 9 சதவீதத்தை ஒட்டி.

தாலுக்கா ஆபீஸ்காரருக்கு வருவோம். கேரள அரசில் 56 வயதில் ஓய்வு, காரணி 11.10, பென்ஷன் திரும்பி வருவது 12 வருடத்தில். அதே 8,000-க்கு 10,65,600 ரூபாய் கிடைக்கிறது. 144 மாதத்தில் விட்டுக்கொடுப்பது மொத்தமே 11,52,000. அதாவது வருடத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான வட்டியில் கடன் கிடைத்தது போல. சாதாரண டெபாசிட்டே இதை மிஞ்சிவிடும். அவர் வாங்குவதுதான் சரி.

தபால்காரர் இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 15 வருடத்துக்குள் அவர் இறந்தால், மீதியைக் குடும்ப பென்ஷனில் பிடிக்க மாட்டார்கள். உடல்நலம் சரியில்லாதவருக்கு இதுவே மொத்தத் தொகையின் பக்கம் தராசைச் சாய்க்கும். வரியும் அப்படித்தான்: அரசு ஊழியரின் கம்யூட்டேஷன் தொகைக்கு வருமான வரி இல்லை, மாத பென்ஷனுக்கு உண்டு. வரி கட்டுபவர் 8,000-க்குப் பதில் வரி போக மிஞ்சுவதைச் சூத்திரத்தில் போட வேண்டும்.

40 சதவீதமும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 12 சதவீத வட்டியில் 2 லட்சம் கடன் மட்டும் இருந்தால், 2,00,000-ஐ 12-ஆலும் 8.194-ஆலும் வகுங்கள். மாதம் சுமார் 2,035 ரூபாயை விட்டுக்கொடுத்தாலே கடன் அடைந்துவிடும். ஒருமுறை அமலானால் மாற்ற முடியாது என்பதால், விண்ணப்பத்தில் அந்த அளவை மட்டும் எழுதுங்கள்.