டியூஷன் சென்டர் வளர நான்கு வழிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மே மாதம் வந்துவிட்டால் டியூஷன் சென்டர் நடத்துகிறவர்கள் நடுவே இதே பேச்சுதான். பக்கத்து ஊரில் கிளை போடலாமா, நீட் பேட்ச் ஆரம்பிக்கலாமா, ஹாஸ்டல் எடுத்து நடத்தலாமா? மூன்றுமே வளர்ச்சிதான் என்றாலும் மூன்றும் ஒரே மாதிரியான வேலை இல்லை. இந்த வித்தியாசத்தை இகோர் ஆன்சாஃப் 1957-இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் எழுதிய ஒரு கட்டுரையில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். விற்பது பழையதா, புதியதா? வாங்குகிறவர் பழையவரா, புதியவரா?

இருக்கிற பாடத்தை இருக்கிற வட்டாரத்திலேயே இன்னும் அதிகம் பேருக்கு, இன்னும் அதிக நாள் நடத்தினால் அது சந்தை ஊடுருவல். அதே வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் புதுப் பாடம் கொடுத்தால் பொருள் மேம்பாடு. அதே பாடத்தைப் புது இடத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோனால் சந்தை மேம்பாடு. பாடமும் புதிது, ஆளும் புதிது என்றால் பல்வகைப்படுத்துதல்.

கணக்குப் பார்க்க ஒரு சென்டரை வைத்துக்கொள்வோம். கடலூரில் இருக்கிறது. எட்டு முதல் பத்து வரை சமச்சீர்ப் பாடத்திட்டத்தில் கணக்கும் அறிவியலும். மூன்று அறை, அறைக்கு 30 இருக்கை, மாலையில் இரண்டு பேட்ச், ஆக 180 இடம். சேர்ந்திருப்பவர்கள் 126 பேர். மாதக் கட்டணம் 1,500 ரூபாய், ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம்.

நம்பிக்கை: வளர வேண்டுமென்றால் கிளை திறக்க வேண்டும்.

இந்த சென்டரில் 54 இருக்கை காலியாக இருக்கிறது. அவற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை போகிறது. அதைவிடப் பெரிய ஓட்டை வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் 20 பேர் நின்றுவிடுகிறார்கள் என்று வைப்போம். ஒருவருக்குச் சராசரியாக மூன்று மாதக் கட்டணம் போகிறது. மொத்தம் 90,000 ரூபாய். எல்லோரும் கடைசி வரை வந்திருந்தால் 18.9 லட்சம் வந்திருக்க வேண்டும். கைக்கு வருவது 18 லட்சம்தான்.

பிள்ளைகள் நின்றுபோனால் ‘பாடம் சரியில்லை போலிருக்கிறது’ என்று ஆசிரியரை மாற்றுவதோ, ‘கட்டணம் அதிகம்’ என்று குறைப்பதோதான் வழக்கம். இரண்டையும் செய்வதற்கு முன் நின்றவர்களின் பெயருக்கு எதிரே பள்ளியின் பெயரையும் நின்ற வாரத்தையும் எழுதிப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பல பள்ளிகள் பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கும். அது ஆறு மணிக்கு முடிந்தால் ஐந்து மணி பேட்ச்சுக்கு அந்தப் பள்ளிப் பிள்ளை எப்படி வரும்? முதலில் வாரத்தில் ஒரு நாள் வராது. பிறகு இரண்டு நாள். அடுத்த மாதக் கட்டணம் ஐந்தாம் தேதிக்குப் பதிலாக இருபதாம் தேதி வரும். அதற்கடுத்த மாதம் வராது. நின்றவர்களில் பாதிப் பேர் ஒரே பள்ளி என்று தெரிந்தால், அக்டோபர் முதல் அந்தப் பேட்ச்சை ஆறே முக்காலுக்குத் தள்ளி, கடைசி டவுன் பஸ்ஸுக்குள் விட்டுவிட்டால் போதும். இதற்குச் செலவு என்று ஒன்றும் கிடையாது. இதுவும் சந்தை ஊடுருவல்தான். நோட்டீஸ் அடித்துப் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பது மட்டுமே ஊடுருவல் என்று நினைத்துக்கொண்டு பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 180 இடமும் நிரம்பிவிட்டால், அல்லது சுற்றியிருக்கிற பள்ளிகளில் டியூஷன் போகிற பிள்ளைகளெல்லாம் ஏற்கெனவே எங்கேயாவது சேர்ந்துவிட்டால், இந்த வழி அத்துடன் முடிந்தது. அதன் பிறகு கட்டணத்தைக் குறைத்துப் பக்கத்து சென்டரிடமிருந்து பிள்ளைகளை இழுத்தால் இருவருக்கும் நஷ்டம்.

நம்பிக்கை: புதுப் பாடம் சேர்த்தால் வருகிற கட்டணமெல்லாம் லாபம், அறையும் பிள்ளைகளும் ஏற்கெனவே இருக்கிறார்களே.

பத்தாம் வகுப்பு முடித்து ஒவ்வோர் ஆண்டும் 45 பேர் வெளியே போகிறார்கள். அவர்களில் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கிற 25 பேருக்கு பிளஸ் ஒன் கணக்கு வகுப்பு ஆரம்பிப்பது நல்ல யோசனை. ஆசிரியரை அவர்களுக்குத் தெரியும். பெற்றோரின் தொலைபேசி எண் கையில் இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு 5 லட்சம் வரும். வாரம் மூன்று நாள் வருகிற பிளஸ் ஒன் கணக்காசிரியருக்கு மாதம் 20,000 என்றால் 2 லட்சம் போகும். மிச்சம் 3 லட்சம் என்றுதான் எல்லோரும் கணக்கு முடிப்பார்கள்.

இங்கே ஒரு கோடு இருக்கிறது. தனியார் பயிற்சி வகுப்புகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பதிவு செய்யத் தேவையில்லை. பழைய வகுப்புகளில் நிற்பவர்களைத் தக்கவைத்து வந்த 18.9 லட்சத்தோடு இந்த 5 லட்சம் சேர்ந்தால் 23.9 லட்சம். கோடு தாண்டிவிட்டது. கட்டணத்தை உயர்த்தாமல் அதற்குள்ளேயே வரியைக் கட்டினால், ஒரு முழு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.65 லட்சம் வரியாகவே போகும். புது வகுப்பில் மிஞ்சிய 3 லட்சமும் போய், இன்னும் 65,000 ரூபாய் பழைய வருமானத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். வகுப்பு நிறைந்திருக்கும், பெற்றோருக்குத் திருப்தி இருக்கும், உரிமையாளரின் கையில் மட்டும் புது வகுப்பே இல்லாமல் நின்றிருக்கக்கூடியதைவிடக் குறைவாக நிற்கும்.

இதற்கு வழி இருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கிற சேவைத் தொழில்கள் காம்போசிஷன் திட்டத்தில் 6 சதவீதம் கட்டலாம். அப்படியானால் வரி சுமார் 1.43 லட்சம். புது வகுப்பில் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். இந்தத் திட்டத்தில் வரியைப் பெற்றோரிடம் தனியாக வசூலிக்க முடியாது. வெளி மாநிலத்தாருக்கும் சேவை விற்க முடியாது. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீட் பேட்ச் இதே வகையில் சேர்ந்தது போலத் தோன்றும். ஆனால் நீட் தாளின் 180 கேள்விகளில் 90 உயிரியல். மதிப்பெண் 720-இல் 360 அங்கே இருக்கிறது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதால் வாரத் தேர்வு, விடைத்தாள் அலசல் என்று ஒரு தனி ஏற்பாடே வேண்டும். கணக்கும் பத்தாம் வகுப்பு அறிவியலும் நடத்திப் பெயர் வாங்கிய சென்டருக்குத் தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்களைத் தேடுவதிலேயே முதல் ஆண்டு போய்விடும். பிளஸ் ஒன்னில் சேர்த்த பிள்ளையின் முடிவு தெரிய இரண்டு ஆண்டு ஆகும். அதுவரை பெற்றோரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

நம்பிக்கை: பக்கத்து ஊர் என்றால் அதே சந்தையின் நீட்சி.

கடலூரிலிருந்து பண்ருட்டி, புதுச்சேரி இரண்டும் பக்கம்தான். ஆனால் ஆன்சாஃபின் கேள்விகளைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு கட்டத்தில் விழும்.

பண்ருட்டியில் அதே சமச்சீர்ப் பாடம். பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். அந்தப் பதினாறையும் உறுதியாக வாங்கிக் கொடுக்கிற பயிற்சி கடலூர் ஆசிரியரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அப்படியே கொண்டுபோகலாம். இது சந்தை மேம்பாடு. இதில் சிக்கல் நேரம். டியூஷன் எந்த ஊரிலும் மாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள்தான் நடக்கும். பெற்றோர் பணம் கட்டுவது ‘சார்’ நடத்துகிறார் என்பதற்காக. ஆறரை மணிக்கு அவர் இரண்டு ஊரில் இருக்க முடியாது. கிளையில் வேறொருவர் நடத்தினால் அங்கே நம்பிக்கையை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். முன்பணம் கொடுத்துக் கட்டடம் எடுப்பதற்கு முன், ஓர் ஆண்டு சனி, ஞாயிறு மட்டும் வாடகை அறையில் சாரே போய் நடத்திப் பார்ப்பது நல்லது.

புதுச்சேரி அப்படியில்லை. அங்கே அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கு 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 அகமதிப்பீடு. ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு நிலை. புத்தகமும் வேறு, கேள்வி கேட்கிற விதமும் வேறு. அந்தப் பிள்ளைகளைச் சேர்த்தால் ஆளும் புதிது, பாடமும் புதிது. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊருக்குப் போவது பல்வகைப்படுத்துதல் ஆகிவிடுகிறது. கிளை இல்லாமல் ஆன்லைனில் அவர்களைச் சேர்த்தாலும் வரிக் கணக்கில் அது வெளிப் பிரதேச விற்பனை. மேலே சொன்ன 6 சதவீதச் சலுகை கைவிட்டுப் போய்விடும். இருபது புதுச்சேரிப் பிள்ளைகளுக்காக முழு சென்டரும் 18 சதவீதத்துக்கு மாறுவது கட்டுப்படியாகாது.

நம்பிக்கை: நாலு தொழில் செய்தால் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

ஹாஸ்டலைப் பல சென்டர்கள் இப்படித்தான் யோசிக்கின்றன. முதல் மூன்று வழிகளிலும் ஏற்கெனவே இருக்கிற திறமையும் பணமும் விற்கிற முறையும் பெரும்பாலும் போதும், நான்காவதற்குப் புதுத் திறமை, புது முறை, புது வசதி எல்லாமே வேண்டும் என்று ஆன்சாஃப் பிரித்துச் சொன்னார். வெளியூர் மாணவிகளுக்கு ஹாஸ்டல் என்றால் வார்டன், சமையல், இரவுக் காவல், 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு. கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரராக இருப்பது இதில் எதற்கும் உதவாது. ரிஸ்க்கும் பிரிவதில்லை. ஹாஸ்டல் சாப்பாட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டால், அடுத்த ஜூனில் காலியாகப் போவது டியூஷன் இருக்கைகளும்தான். இரண்டுக்கும் பெயர்ப்பலகை ஒன்று.

நம்பிக்கை: நான்கும் ஏணிப்படி, ஒன்றை முடித்துத்தான் அடுத்தது.

முதல் மூன்றையும் ஒரே சமயத்தில் செய்வது நன்றாக நடக்கிற நிறுவனத்தின் அடையாளம் என்றே ஆன்சாஃப் எழுதினார். ஒரே ஆசிரியரை நம்பி நடக்கிற சென்டருக்கு அந்தத் தெம்பு இருப்பதில்லை என்பது என் எண்ணம். கடலூர் சென்டர் இந்த ஆண்டு பேட்ச் நேரத்தை மாற்றட்டும், தன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் பிளஸ் ஒன் கணக்கு ஆரம்பிக்கட்டும். பண்ருட்டி அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். புதுச்சேரியும் ஹாஸ்டலும் வேண்டாம். பிளஸ் ஒன் கட்டணத்தை நோட்டீஸில் அச்சடிப்பதற்கு முன், மே மாதத்திலேயே ஆடிட்டரைப் பார்த்து 20 லட்சக் கோட்டைப் பற்றியும் காம்போசிஷன் திட்டத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஜூனில் சொன்ன கட்டணத்தை அக்டோபரில் உயர்த்தினால் பெற்றோர் ஏற்க மாட்டார்கள்.