தக்காளி விலையை வைப்பது யார்? காய்கறிச் சந்தை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

காய்கறி விலையைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளுள் மிகப் பரவலானது, வியாபாரி தம் விருப்பம்போல விலை வைக்கிறார் என்பதாகும். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டும் நாள்களில் இந்த நம்பிக்கை கோபமாகவும் மாறிவிடுகிறது. ஆனால் விலையை வைக்கும் அதிகாரம் உண்மையிலேயே வியாபாரியின் கையில் இருக்குமானால், அதே வியாபாரி வேறு சில மாதங்களில் அதே தக்காளியைப் பத்து ரூபாய்க்குக் கூவி விற்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்விக்கு அந்த நம்பிக்கையால் விடை கூற இயலாது.

சென்னைக் கோயம்பேடு சந்தைக்குக் கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளிலிருந்து தக்காளி லாரிகள் இரவில் வந்து சேர்கின்றன. அன்றைக்கு வந்து இறங்கும் சரக்கின் அளவைச் சந்தைக்காரர்கள் 'வரத்து' என்பார்கள். கமிஷன் மண்டிக்காரர் பெரும்பாலும் அந்தச் சரக்கின் சொந்தக்காரர் அல்லர். விவசாயியின் சரக்கை விற்றுக்கொடுத்து, விற்ற தொகையில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்பவர். அவர் கூடுதல் விலை சொன்னால் வாங்க வந்த கடைக்காரர் அடுத்த மண்டிக்கு நகர்ந்துவிடுவார். குறைத்துச் சொன்னால் பெட்டிகள் விடிவதற்குள் தீர்ந்து, பின்னால் வருபவருக்குச் சரக்கு இருக்காது. பழுத்த தக்காளி சில நாள்களில் அழுகிவிடும் என்பதால், நாளைக்கு விலை ஏறும் என்று வைத்திருக்கவும் வழியில்லை. எனவே, வந்த பெட்டிகள் அத்தனையும் அன்றே விற்றுத் தீரக்கூடிய ஒரு விலையை நோக்கியே பேரம் நகர்கிறது. ஒவ்வொரு விலையிலும் விற்பவர்கள் எவ்வளவு விற்க முன்வருகிறார்கள் என்பதைப் பொருளியல் 'அளிப்பு' என்கிறது; வாங்குபவர்கள் எவ்வளவு வாங்க முன்வருகிறார்கள் என்பதைத் 'தேவை' என்கிறது. வெறும் ஆசை தேவையாகாது. கையில் பணமும், அந்த விலைக்கு வாங்கும் மனமும் சேர்ந்திருந்தால்தான் அது தேவை. இந்த இரண்டும் சமமாகும் இடத்தில் நிற்பதே சந்தை விலை.

பதுக்கல் என்ற குற்றச்சாட்டு தக்காளிக்குப் பொருந்தாவிட்டாலும், எல்லாக் காய்க்கும் பொருந்தாமல் போவதில்லை. பெரிய வெங்காயத்தை உலர்த்திச் சில மாதங்கள் சேமிக்க முடியும் என்பதால் அதைத் தேக்கி வைத்து விலை ஏற்ற இடமுண்டு. 2020 அக்டோபரில் ஒன்றிய அரசு, மொத்த வியாபாரி 25 டன்னுக்கு மேலும் சில்லறை வியாபாரி 2 டன்னுக்கு மேலும் வெங்காயம் இருப்பு வைக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. பழுத்த தக்காளிக்கு அப்படி ஒரு வரம்பு விதித்தால் அதனால் பெரிய பயன் விளையாது.

இரண்டாவது நம்பிக்கை கணக்குப் பாடத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும்: வரத்து எவ்வளவு குறைகிறதோ, விலையும் அதே அளவுதான் ஏற வேண்டும், அதற்கு மேல் ஏறினால் அது ஏமாற்று. இதைச் சோதிக்க ஒரு சிறிய ஊர்ச் சந்தையைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்கே பெட்டி 300 ரூபாய் என்றால் கடைக்காரர்கள் எல்லோருமாக 100 பெட்டி வாங்குவார்கள். 450 என்றால் 90, 600 என்றால் 80, 900 என்றால் 70 பெட்டி வாங்குவார்கள் என்று கொள்வோம். விலை மும்மடங்கான பிறகும் 70 பெட்டி ஏன் விற்கிறது என்றால், சாம்பாருக்கும் ரசத்துக்கும் தக்காளி இல்லாமல் பல வீடுகளில் சமையல் நகராது. ஐந்து பழம் போட்ட இடத்தில் மூன்று பழம் போடுவார்கள், சிலர் புளியைச் சற்றுக் கூட்டிக் கரைப்பார்கள், அவ்வளவே. இவ்வாறு விலை மாற்றத்துக்கு வாங்கும் அளவு சிறிதளவே அசைந்துகொடுப்பதை 'நெகிழ்ச்சி குறைந்த தேவை' என்பர். இப்போது மழையால் 70 பெட்டிகள் மட்டுமே வருகின்றன என்றால், வாங்க வந்தவர்களுள் முப்பது பெட்டிக்கு உரியவர்கள் பின்வாங்கும்வரை விலை ஏறியாக வேண்டும். அது 900 ரூபாயில்தான் நிற்கும். வரத்து குறைந்தது முப்பது சதவீதம், விலை ஏறியதோ மும்மடங்கு. இதில் ஏமாற்று எதுவும் தேவைப்படவில்லை.

அதே கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும் என்பது பலரும் கவனிக்காத செய்தி. விளைச்சல் கூடி 120 பெட்டி வந்துவிட்டால், கூடுதலாக வந்த இருபது பெட்டியையும் விற்க விலை 150 ரூபாய்க்கு இறங்க நேரலாம். அப்போது 100 பெட்டிக்கு 30,000 ரூபாய் பெற்ற விவசாயிகள், 120 பெட்டிக்கு 18,000 ரூபாய்தான் பெறுவார்கள். பறிகூலி, பெட்டி வாடகை, லாரி வாடகை, கமிஷன் ஆகியவற்றைக் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாத நிலை வரும்போதுதான் பழங்கள் செடியிலேயே விடப்படுகின்றன அல்லது சாலையோரம் கொட்டப்படுகின்றன.

விலை ஏறினால் விவசாயிகள் எல்லோரும் லாபம் பார்க்கிறார்கள் என்பது இதனோடு ஒட்டிப் பிறந்த மூன்றாவது நம்பிக்கை. மேற்கண்ட கணக்கில் 70 பெட்டிக்கு 63,000 ரூபாய் கிடைப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் பழம் வைத்திருந்தவர்களுக்கே போகும், மழையில் வயலை இழந்தவருக்கு ஒரு ரூபாயும் வராது. அதைவிட முக்கியமானது கால இடைவெளி. தக்காளிக்கு நாற்றங்கால் ஏறக்குறைய 25 நாள், நட்ட பின் முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள் ஆகும்; இன்றைய விலையைப் பார்த்து விதைப்பவர் மூன்று மாதம் கழித்து இருக்கப்போகும் விலைக்குத்தான் விற்பார். 2023ஆம் ஆண்டின் போக்கு இதற்குத் தெளிவான சான்று: அவ்வாண்டின் முற்பகுதியில் விலை சரிந்ததால் பலர் தக்காளி நடுவதைக் குறைத்தனர், அதனோடு வெப்பமும் மழையும் நோயும் சேர்ந்துகொள்ள, ஜூலையில் விலை கிலோ நூறு ரூபாயைக் கடந்தது, அந்த விலையைக் கண்டு பலரும் ஒருசேர நட, செப்டம்பரில் பல இடங்களில் மீண்டும் வாங்க ஆளின்றிப் போயிற்று.

அந்த ஜூலையில் தமிழ்நாடு அரசு சென்னையில் ரேஷன் கடைகள் சிலவற்றில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. விலையை இப்படிக் குறைத்து அறிவித்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. வெளியில் விற்பதைவிடக் குறைந்த விலையில் வாங்க விரும்புவோர் சரக்கைவிடக் கூடுதலாகவே இருப்பர் என்பதால், விலை செய்த பங்கீட்டு வேலையை அங்கே நீண்ட வரிசையும், ஆளுக்கு இவ்வளவு என்ற அளவும் செய்தாக வேண்டும். வரிசையில் நிற்பவருக்கு அது உதவிதான். ஆனால் அதனால் சந்தைக்கு ஒரு பெட்டிகூடக் கூடுதலாக வந்துவிடாது.

விலை ஏற்றத்துக்குக் காரணம் அளிப்பா தேவையா என்பதை நாமே கண்டறிய ஒரு வழி உண்டு: விலையோடு வரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரத்து குறைந்து விலை ஏறியிருந்தால் கோளாறு பெரும்பாலும் அளிப்பில், அதாவது மழை, நோய், நடவுக் குறைவு போன்றவற்றில் இருக்கும். வரத்தும் கூடி விலையும் ஏறியிருந்தால் அங்கே தேவை பெருகியிருக்கிறது என்று பொருள். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்களில் சாம்பல் பூசணி லாரி லாரியாக வந்து இறங்கியும் விலை ஏறுவதும், பூஜை முடிந்த மறுநாள் மிஞ்சிய காய்களைக் கேட்பாரின்றி வியாபாரிகள் விட்டுச்செல்வதும் தேவை மாறுவதால் நிகழ்பவை.