அம்மாவின் வாழ்த்து மின்னஞ்சலைத் திருத்திய கதை



இந்த மாதம் மொழிப்பயிற்சிப் பகுதிக்கு நான் எழுத வேண்டும் என்று முறை வந்தது. ஒற்றுப்பிழை பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் எங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்தது. அம்மாவிடமும், கடிதம் பெற்ற அத்தையிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

அம்மா ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அத்தை என்று நான் கூப்பிடுபவர் உறவு இல்லை, அம்மாவோடு வேலை பார்த்தவர். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தார்கள். பதவி உயர்வு வேண்டுமென்றால் துறைத்தேர்வு எழுதித் தேற வேண்டும். அத்தை தேறிவிட்டார். அம்மாவுக்கு இன்னும் ஒரு தாள் பாக்கி. போன மாதம் அத்தைக்கு உதவியாளராகப் பதவி உயர்வு ஆர்டர் வந்து, வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டார். அவர் கிளம்பிய அன்று தங்கைக்குக் காய்ச்சல், அம்மா லீவு. நேரில் வாழ்த்த முடியவில்லை. "போன்ல பேசினா அழுதுடுவேன்டா, மெயில் எழுதிடறேன்" என்று ராத்திரி உட்கார்ந்து போனில் தட்டிவிட்டு, "எழுத்துப்பிழை இருக்கான்னு பாரு" என்று என்னிடம் கொடுத்தார். அம்மா எழுதியது இதுதான். (சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.)

"அன்புள்ள அக்காவுக்கு, வாழ்த்துக்கள்! ஆர்டர் வந்ததுன்னு கேட்டதும் எனக்குத் தலைகால் புரியல. ஒருவழியாக உங்களுக்குப் பதவி உயர்வு கிடைச்சுடுச்சு. இத்தனை வருஷம் இலவு காத்த கிளி மாதிரி பொறுமையா இருந்தீங்க. சொந்த ஊருக்குப் பக்கத்துலயே போஸ்டிங் கிடைச்சது பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. என் இதயத்தின் அடியிலிருந்து வாழ்த்துகிறேன். இனிமே மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடுவேன்னு தெரியல. உங்க எலுமிச்சை ஊறுகாய் டப்பா இன்னும் என் டிராயர்லதான் இருக்கு. புது இடத்திலும் அகலக்கால் வைத்து முன்னேறுங்க. உங்கள் பனி சிறக்கட்டும்."

எனக்குத்தான் தமிழில் தொண்ணூறுக்கு மேல் மார்க் ஆயிற்றே. அரைமணி நேரத்தில் முழுசையும் மாற்றி எழுதினேன். "தங்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கப்பெற்றமை அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்" என்று ஆரம்பித்தேன். ஊறுகாய் டப்பா விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லை என்று எடுத்துவிட்டேன். கடைசியில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று முடித்தேன். அம்மா படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நான் எழுதலையே. ரிடையர்மென்ட் விழாவில வாசிக்கிற வாழ்த்துமடல் மாதிரி இருக்கு. அதுவும் அவங்க என்னைவிட நாலு வயசுதான் பெரியவங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு வந்து எங்கள் தமிழ் ஐயாவிடம் காட்டினேன். என்னுடையதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓரமாக வைத்தார். அம்மாவுடையதில் பென்சிலால் சில இடங்களில் மட்டும் கோடு போட்டார். "கிடைச்சுடுச்சு" என்பதில் கோடு இல்லை. ஏன் ஐயா என்றேன். "அது பிழை இல்லடா, பேச்சு. ரெண்டு பேரும் தினமும் அப்படித்தானே பேசிக்குவாங்க? பேச்சை நீ திருத்தினா ஆளையே திருத்தின மாதிரி. சொல்ல நினைச்சது ஒண்ணு, வார்த்தை சொல்றது இன்னொண்ணுன்னு ஆகுற இடத்தை மட்டும் தொடு" என்றார்.

பிறகு என்னைக் கேட்டார்: "இலவு காத்த கிளிக்குக் கடைசியில என்ன கிடைச்சுது?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இலவ மரத்தில் காய் பச்சையாகத் தொங்கும். பழுத்தால் தின்னலாம் என்று கிளி காத்திருக்கிறது. அது பழுக்கவே பழுக்காது. முற்றிக் காய்ந்து வெடித்தால் உள்ளே பஞ்சுதான், அதுவும் காற்றில் பறந்துவிடும். ஆக, இந்த உவமைக்குப் பொருள் பொறுமையாகக் காத்திருப்பது இல்லை, காத்திருந்து ஏமாந்துபோவது. பதவி உயர்வு கிடைத்தவரைப் பார்த்து இதைச் சொன்னால், கிடைத்தது வெறும் பஞ்சு என்று ஆகிவிடும். அம்மாவுக்குக் காத்திருப்பு மட்டும் நினைவிருக்கிறது, கதையின் முடிவு மறந்துவிட்டது. பழமொழியிலும் உவமையிலும் நாம் சறுக்குவது பெரும்பாலும் இப்படித்தான். முதல் பாதியைப் பிடித்துக்கொள்கிறோம்.

"அகலக்கால்" விஷயமும் அதே மாதிரிதான். பெரிய அடியாக எடுத்து வைத்து முன்னேற வேண்டும் என்று அம்மா நினைத்து எழுதினார். ஆனால் அந்தச் சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? சக்திக்கு மீறிக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவரிடம் தாத்தா பாட்டி சொல்வார்கள், "அகலக்கால் வைக்காதப்பா" என்று. எச்சரிக்கையாக மட்டுமே வரும் சொல் அது. வாழ்த்தில் வந்தால் விழப் போகிறாய் என்பது போல இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஐயா ஒரு வழி சொன்னார். சந்தேகமான தொடரை அகராதியில் தேடுவதற்கு முன்னால், அதைக் கடைசியாக யார் வாயில் கேட்டோம், யாரைப் பார்த்து, என்ன நடந்தபோது சொன்னார்கள் என்று மூன்று இடம் யோசித்துப் பார்க்க வேண்டும். "ஒருவழியாக" என்ற சொல்லுக்கு நான் அப்படிச் செய்தேன். ஒருவழியா மழை விட்டுச்சு. ஒருவழியா பரீட்சை முடிஞ்சுது. ஒருவழியா பஸ் வந்துச்சு. மூன்றிலும் ஒரு தொல்லை தீர்ந்த பெருமூச்சு இருக்கிறது. அதை இன்னொருவருடைய வெற்றிக்குப் போட்டால், "இப்பவாவது கிடைச்சுதே" என்ற வாடை வரும்.

நான் விடவில்லை. "அம்மா நேர்ல இப்படித்தான் பேசுவாங்க ஐயா, அத்தை தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றேன். அதற்கு ஐயா சொன்னதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது. நேரில் சொல்லும்போது அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வார். சொல்லில் இருக்கும் முள்ளை முகம் எடுத்துவிடும். மின்னஞ்சலில் முகம் இல்லை. அதுவும் இங்கே எழுதுகிறவர் பதவி உயர்வு கிடைக்காதவர், கூடவே சேர்ந்தவர். "ஒருவழியாக", "இலவு காத்த கிளி", "அகலக்கால்" மூன்றும் ஒரே கடிதத்தில் வந்தால், படிக்கிறவர் மனதில் பொறாமையோ என்று ஒரு நொடி தோன்றாமல் இருக்குமா?

"இதயத்தின் அடியிலிருந்து" என்பது வேறு வகை. இங்கிலீஷ் வாழ்த்து அட்டையில் இருப்பதை அப்படியே தமிழில் போட்டது. தமிழில் "மனசார" என்று ஒரே சொல் இருக்கிறது. (அடி என்றால் நமக்கெல்லாம் முதலில் என்ன ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.) "பனி சிறக்கட்டும்" தட்டும்போது நேர்ந்த பிழை, மூன்று சுழி போட்டால் சரியாகிவிடும். "வாழ்த்துக்கள்" என்பதை ஐயா "வாழ்த்துகள்" ஆக்கினார். அது நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் பிழை என்று அடித்த இரண்டை ஐயா திரும்பச் சேர்த்தார். "தலைகால் புரியாம ஆடுறான்" என்று பிறரைச் சொன்னால் வசவு, ஆனால் "எனக்குத் தலைகால் புரியல" என்று தன்னைச் சொல்லிக்கொண்டால் சந்தோஷம்தான். பழம் நழுவிப் பாலில் விழுவது தானாக வருகிற அதிர்ஷ்டம். அதைப் பதவி உயர்வுக்குச் சொல்லியிருந்தால் அத்தையின் உழைப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருக்கும். அம்மா சொன்னது ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த போஸ்டிங்கை. அது நிஜமாகவே அதிர்ஷ்டம்தானே!

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒருவழியாக" பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நான் அப்படி நினைச்சு எழுதலடா" என்றார். நான் இலவு காத்த கிளிக்குப் பதிலாக, "பொறுத்தார் பூமி ஆள்வார்" போடலாமா என்றேன். பொருள் பொருந்தும். ஆனால் அம்மா, "அது பள்ளிக்கூடச் சுவர்ல எழுதுறது. எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதை எழுதறேன்" என்று சொல்லி, பழமொழி இல்லாமல் நடந்ததையே எழுதினார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

கடைசியில் அனுப்பியது இது. (திருத்தியதைப் பச்சை மையில் எழுத நினைத்தேன். பச்சை மை அதிகாரிகளுக்குத்தான் என்று அம்மா சொன்னதால் நீல மை.)

"அன்புள்ள அக்காவுக்கு, வாழ்த்துகள்! உங்க ஆர்டர் வந்துடுச்சுன்னு கேட்டதும் எனக்குத் தலைகால் புரியல. லிஸ்ட் தள்ளித் தள்ளிப் போனப்பவும் நீங்க ஒருநாள்கூட ஒரு ஃபைலைத் தள்ளிப் போட்டதில்ல. அது எனக்குத் தெரியும். சொந்த ஊருக்குப் பக்கத்துலயே போஸ்டிங் கிடைச்சது பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. மனசார வாழ்த்தறேன் அக்கா. இனிமே மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடுவேன்னு தெரியல. உங்க எலுமிச்சை ஊறுகாய் டப்பா இன்னும் என் டிராயர்லதான் இருக்கு. நீங்க கோடு போட்டுக் கொடுத்த துறைத்தேர்வுப் புத்தகமும் என்கிட்டதான் இருக்கு. டிசம்பர்ல எழுதறேன். புது இடத்துல நீங்க அடி எடுத்து வைக்கிறதெல்லாம் நல்லபடியா நடக்கணும்."

துறைத்தேர்வு வரி திருத்தத்தில் வந்தது இல்லை. அனுப்புவதற்கு முன்னால் அம்மாவே சேர்த்தது. "வாழ்த்துகிறேன்" என்பதை "வாழ்த்தறேன்" ஆக்கியதும் அவர்தான். முழுசும் பேச்சாக ஓடும்போது அந்த ஒரு சொல் மட்டும் சட்டை இஸ்திரி போட்டு நிற்கிறதாம்.

மறுநாள் காலையில் அத்தையிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: "டப்பாவைக் கழுவி வை. ஞாயித்துக்கிழமை புது ஊறுகாயோட வரேன், புத்தகத்தையும் எடுத்து வை."

- பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு