நெறியாளர் ஏடு எழுதுவது எப்படி?



இணையவழிக் கருத்தரங்கில் கருத்துக் கணிப்பைத் திறந்துவிட்டு, நெறியாளர் ஒரு நிமிடம் மௌனமானால் என்ன நிகழும்? இணைப்பு அறுந்தது என்றெண்ணிச் சிலர் வெளியேறிவிடுவர். மண்டபத்தில் மேடையைக் கண்ணால் காண்கிறோம்; இங்கே குரலே மேடை. ஆகவே சொல்ல வேண்டியதை முன்னரே எழுதிவைத்தல் அவசியம். ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம்.

மாலை 7 மணிக்கு ஜூம் வழியாக, உப்பைப் பற்றி ஒரு மணி நேரக் கருத்தரங்கு. முதல் அமர்வில் மருத்துவர் பேசுகிறார். இரண்டாம் அமர்வில் உணவியல் நிபுணர். 7.30க்கு இரண்டையும் இணைப்பது கருத்துக் கணிப்பு. ஏட்டில் இவ்வாறு எழுதுங்கள்:

[Launch அழுத்துக] "இப்போது திரையில் ஒரு பெட்டி தெரியும். பெரியவர் நால்வர் உள்ள வீட்டிற்கு 1 கிலோ உப்பு எத்தனை நாள் வரவேண்டும்? 20 நாளா, 35 நாளா, 50 நாளா? ஒன்றைத் தொட்டு அனுப்புங்கள்." [வினாவை மீண்டும் நிதானமாக வாசிக்க] "இன்னும் 15 விநாடி." [End Poll, பின்பு Share Results]

முடிவு எப்படி வருமென்று முன்கூட்டித் தெரியாது. ஆகையால் அடுத்த வாக்கியத்தை இருவிதமாக எழுதிவைக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நால்வருக்கு 20 கிராம். எனவே 50 நாளாவது வரவேண்டும்.

பலர் 50 என்றால்: "சரியான விடை. ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பையும் இதில் சேர்க்க வேண்டுமே. அதை நிபுணர் விளக்குவார்."

பலர் 20 என்றால்: "50 நாளாவது வரவேண்டும். அப்படியானால் எதில் குறைப்பது? நிபுணர் சொல்வார்."

இரண்டு வழியும் ஒரே வாசலில் வந்து சேர்வதைக் கவனியுங்கள்.

இனி, கேள்வியை ஒப்படைக்கும் முறை. முதலில் பெயர், பிறகு கேள்வி. "டாக்டர், இது உங்களுக்கு" என்று தொடங்கினால், கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் அவர் ஒலிவாங்கியைத் திறந்துகொள்வார். பெயரைக் கடைசியில் சொன்னால், அவருடைய முதல் வார்த்தைகள் எவர் காதிலும் விழா. கேட்போர் எழுதிமுடிக்கச் சற்று நேரமாகும். அதுவரை கேட்பதற்கு இரண்டு கேள்விகளை ஏட்டிலேயே எழுதிவையுங்கள்.

கடைசியாக, நேரம். மருத்துவருக்குக் கேள்வி நேரம் 7.22 முதல் 7.30 வரை, 8 நிமிடம். அவர் பேச்சை 7.26க்கு முடித்தால், அந்த 4 நிமிடத்தைக் கேள்வி நேரத்திலேயே கழிக்க வேண்டும். அடுத்தவர் நேரத்தில் கை வைக்கலாகாது. அதற்காக, விடக்கூடிய கேள்வியை முன்னரே பென்சிலால் குறித்துவையுங்கள். குறிக்காதவர் அவசரத்தில் எதை விடுவது என்று அறியாமல் தடுமாறுவார். 8 மணிக்கு முடியவேண்டிய கூட்டம் 8.15க்கு முடியும்.

ஏட்டைக் கடிகாரம் வைத்து உரக்க ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறும் வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.