விப்பிங் கிரீம்: வெண்ணெய் ஆவதற்கு முன்னே நிறுத்துங்கள்!

வீட்டிலேயே கேக் செய்பவர்களுக்கும், ஃப்ரூட் சாலட் மேலே ஒரு கரண்டி கிரீம் போட ஆசைப்படுபவர்களுக்கும் சில குறிப்புகள். கிரீம் விற்கிற விலைக்கு ஒரு பாக்கெட் திரிந்து போனாலும் மனசு கேட்காது. எங்கே தப்பு நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வீணாவதை நிறுத்திவிடலாம்.

1. கடையில் பாக்கெட்டை எடுத்ததும் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமுக்குக் கொழுப்பு 30 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; 35-ஐ ஒட்டி இருந்தால் கையால் அடித்தாலே எழும்பும். ‘ஃப்ரெஷ் கிரீம்’ என்று வரும் 25 சதவீதப் பாக்கெட் பனீர் பட்டர் மசாலாவுக்கு அருமை; கேக் மேல் நிற்காது.

2. கிரீமுக்குள் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய தோல் உண்டு. அடிக்க அடிக்கக் காற்று உள்ளே போகிறது, தோல் கிழிகிறது, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழியைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. கொழுப்பு குறைந்தால் சுவருக்கு ஆள் போதாது. இன்னும் அடித்துக்கொண்டே போனால் உருண்டைகள் எல்லாம் கூடிக்கொண்டு காற்றையும் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும். மத்து போட்டுக் கடைகிறோமே, அதே வேலைதான். கிரீம் அடிப்பது என்பது வெண்ணெய்க்குப் போகிற வழியில் பாதியில் இறங்கிக்கொள்வது, அவ்வளவுதான்.

3. ‘சில்லென்று இருக்கட்டும்’ என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொழுப்பு உருண்டைகள் பாதிக்கு மேல் உறைந்து கெட்டியாக இருந்தால்தான் சுவர் நிற்கும்; அதற்குக் கிரீம் 5 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 10 டிகிரியைத் தாண்டினால் குமிழி நிற்பதற்குள் கொழுப்பு கூடிவிடும். சேர்த்து வைத்த ஏட்டைக் கடையும்போது நமக்கு வெண்ணெய் திரள வேண்டும், அதற்கு 12 முதல் 15 டிகிரி வரை தோதான சூடு. ஐஸ் தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றினால் வெண்ணெய் திரள நேரமாவதைப் பார்த்திருப்பீர்களே! ஏட்டுக்கு எது நல்லதோ, அது விப்பிங் கிரீமுக்கு ஆகாது.

4. கடை அலமாரியில் வெளியே இருக்கும் டெட்ரா பாக்கெட்டை வாங்கி வந்தால், முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் உள்தட்டில் வைத்துவிடுங்கள். மேலே தொட்டால் ஜில்லென்று இருப்பது போதாது. உள்ளே கொழுப்பு உறைவதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடேறும் இடம் அது.

5. அவசரத்துக்கு ஃப்ரீசரில் போட்டுவிடலாமே என்று தோன்றும். பால் கிரீமை உறைய விட்டால் ஐஸ் ஊசிகள் கொழுப்பின் தோலைக் குத்திக் கிழித்துவிடும். கரைந்ததும் அடிக்கத் தொடங்கும் முன்பே ரவை ரவையாக நிற்கும். பால் கொழுப்பு இல்லாமல் தாவர எண்ணெயில் செய்த டாப்பிங் கிரீம் வேறு சாதி. அது பெரும்பாலும் உறைந்த நிலையில் வரும், ஃப்ரிட்ஜில் வைத்து மெதுவாகக் கரைத்து அடிக்கலாம்.

6. பாத்திரத்துக்கு ஆழமான எவர்சில்வர் கிண்ணம்தான் சரி. கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் 15 முதல் 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். சித்திரை வெயிலில் அலமாரியிலிருந்து எடுக்கும் பாத்திரமே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். கிரீமை ஊற்றிய உடனே அதன் குளிர்ச்சியைப் பிடுங்கிக்கொள்ளும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் கிண்ணம் வேர்க்கும், உட்பக்கத்தைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் லேசில் குளிராது. பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் விடாது.

7. கோடையில் குளிர்ந்த கிண்ணம் மட்டும் போதாது. ஒரு பெரிய அடுக்கில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு, அதற்குள் கிண்ணத்தை உட்கார வைத்து அடியுங்கள். வெறும் ஐஸ் கட்டியை விடத் தண்ணீர் கலந்ததுதான் கிண்ணத்தைச் சுற்றி நன்றாகத் தொட்டு நிற்கும். உப்பு சேர்க்க வேண்டாம், ஓரத்துக் கிரீம் உறைந்துவிடும். அடுப்பு எரியும் சமையலறையை விட்டு வேறு இடத்தில் செய்வதும் ஒரு உபாயம்.

8. 200 மில்லி கிரீம் அடித்தால் ஏறக்குறைய 400 மில்லி அளவுக்கு வரும். அரைக் கிலோ கேக்கின் மேல்பூச்சுக்கு அது தாராளம், ஆகவே முழு லிட்டர் பாக்கெட்டையும் ஒரே நாளில் அடிக்காதீர்கள். ரொம்பக் கொஞ்சமாக அடிப்பதானால் குறுகலான பாத்திரம் எடுங்கள். அகலக் கிண்ணத்தில் கம்பி கிரீமுக்குள் மூழ்கவே மூழ்காது.

9. சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துச் சலித்து, 200 மில்லிக்கு 2 மேசைக்கரண்டி வீதம் போடுங்கள். கிரீம் கொஞ்சம் கெட்டியாகி, பீட்டர் போன தடம் தெரியத் தொடங்கும்போது சேர்ப்பது சரியான நேரம். இனிப்பு கூட வேண்டுமென்றால் கேக்கில் கூட்டிக்கொள்ளுங்கள், கிரீமில் வேண்டாம்.

10. பீட்டரை முதலில் மெதுவாக ஓடவிட்டு, நுரை வந்ததும் நடு வேகத்துக்கு மாற்றுங்கள். உச்ச வேகத்தில் வைத்தால் பெரிய பெரிய குமிழிகள்தான் வரும், சீக்கிரம் உடைந்துபோகும். நிறுத்தவும் அவகாசம் கிடைக்காது. கம்பியைத் தூக்கினால் நுனி வளைந்து விழும் கட்டம் பழத்துக்கும் புட்டிங்குக்கும் போதும். கேக்கில் பூப் போடுவதற்கு நுனி நேராக நிற்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னாலேயே பீட்டரை அணைத்துவிட்டு, மிச்சத்தைக் கையால் விஸ்க் பிடித்து முடியுங்கள். இந்தக் கடைசி அரை நிமிடத்தில்தான் முக்கால்வாசிக் கிரீம் கெடுகிறது என்பது என் கட்சி.

11. கெடப்போகிறது என்பதைக் கிரீமே முன்கூட்டிச் சொல்லும். முதலில் பளபளப்பு மங்கும். அடுத்து, பட்டுப் போல இருந்த கோடுகளின் ஓரம் பிசிறு பிசிறாகக் கிழியும். அதற்கடுத்து ரவை தட்டும், லேசாக மஞ்சள் சாயல் ஏறும், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் கசியும். பளபளப்பு மங்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும்.

12. நாக்கில் நறநறவென்று பட்டால் அது அதிகமாக அடித்ததால்தானா என்று முதலில் பாருங்கள். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். கல் மாதிரி உறுத்தினால் கரையாத சர்க்கரை. தேய்க்கத் தேய்க்க உருகி விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால் கொழுப்பு கூடிவிட்டது. சர்க்கரை என்றால் ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

13. கொழுப்பு லேசாக ரவை தட்டியிருந்தால் காப்பாற்றலாம். அடிக்காத குளிர்ந்த கிரீமை 2 மேசைக்கரண்டி ஊற்றி, பீட்டரைத் தொடாமல் கரண்டியால் மெதுவாக மடித்து மடித்துக் கலந்தால் மழமழப்பு திரும்பிவிடும். இதற்காகவே எப்போதும் பாக்கெட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்குங்கள்.

14. தண்ணீர் பிரிந்துவிட்டதென்றால் திரும்பி வராது, மேலே போய்விடுவதுதான் லாபம். இன்னும் இரண்டு நிமிடம் அடித்து வெண்ணெயைத் திரட்டி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்க்காததென்றால் நெய்யாகக் காய்ச்சலாம். சேர்த்தது பிரெட்டுக்கும் பிஸ்கட் மாவுக்கும் ஆகும். வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம், மெத்தென்று வரும்.

15. பீட்டர் இல்லாதவர்கள் மிக்ஸியில் அடிக்கலாம், ஆனால் மிக்ஸிக்குப் பொறுமை கிடையாது. ஜாரை ஃப்ரீசரில் வைத்துக் குளிர்வித்து, அரை ஜாருக்கு மேல் ஊற்றாமல், இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தரம் பல்ஸ் கொடுத்துத் திறந்து பாருங்கள். பழத்துக்கு ஊற்றிக்கொள்ளும் பதம் வரைக்கும் மிக்ஸி சரி. பூப் போடும் பதத்துக்கு அதை நம்பாதீர்கள்.

16. நன்றாக அடித்த கிரீமும் பைப்பிங் பையில் போட்ட பிறகு ரவை தட்டுவதுண்டு. கைச் சூடும், திரும்பத் திரும்பப் பிழிவதும் சேர்ந்து உள்ளே இன்னொரு முறை அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை ஃப்ரிட்ஜிலேயே விட்டு வையுங்கள். எலுமிச்சைச் சாறு, அன்னாசிச் சாறு போன்ற புளிப்பை நேராகக் கிரீமில் ஊற்றினாலும் திரியும். பழத்துண்டை வடிகட்டித் துடைத்துவிட்டு மேலே வையுங்கள்.

17. ஊரில் 25 சதவீதக் கிரீம்தான் கிடைக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி. 200 மில்லியில் கொழுப்பு சுமார் 50 கிராம். அதில் உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம் சேர்த்தால், வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு என்பதால் இன்னும் 32 கிராம் சேரும். ஆக 240 கிராமில் 82, அதாவது 34 சதவீதம்! கிரீமைக் கொதிக்க விடாமல் வெதுவெதுப்பாகச் சூடாக்கி வெண்ணெயைக் கரைத்து, சூட்டோடு மிக்ஸியில் ஒரு நிமிடம் நன்றாக ஓட்டி, ஆறவைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அடித்தால் எழும்பும். கடைக் கிரீமை விடச் சீக்கிரம் ரவை தட்டும் என்பதால் நுனி வளையும் பதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

18. பால் ஏட்டைச் சேர்த்து விப்பிங் கிரீம் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சிய பாலின் ஏட்டில் கொழுப்போடு வெந்த புரதமும் படலமாகக் கலந்திருப்பதால் மழமழப்பாக நுரைக்காது. அதை வெண்ணெய்க்கே வைத்துக்கொள்ளுங்கள்.

19. அடித்த பால் கிரீம் நம் ஊர் வெயிலில் வெளியே அரை மணி நேரம்கூட அழகாக நிற்காது. மாலையில் பிறந்தநாள் என்றால் கேக்கை மதியமே பூசி ஃப்ரிட்ஜில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தில் வெளியே எடுங்கள். மொட்டை மாடியில் கொண்டாட்டம் என்றால் தாவர எண்ணெய் டாப்பிங்கே நல்லது. ருசி கொஞ்சம் குறைந்தாலும் வழியாது.