காரை எடுத்தால் போதாது: நிழலும் பிம்பமும்

நம் குடும்பங்கள் பலவற்றில் பூர்வீக வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பழைய வீட்டின் நினைவாக ஒரே ஒரு படம்தான் மிஞ்சியிருக்கும். அதிலும் வாசலை மறைத்துக்கொண்டு யாருடைய காரோ நிற்கும். வீடு இல்லாததால் மறுபடி படம் எடுக்க வழியில்லை. அந்தக் காரைப் படத்திலிருந்து எப்படி நீக்குவது என்பதை இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற மென்பொருளே இதற்குப் போதும்.

காரை மட்டும் அழித்த படங்களை நாம் பார்த்திருப்போம். எங்கே தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குப் பட்டுவிடும். தரையில் காரின் நிழலும், மழைநீரில் அதன் பிம்பமும் அப்படியே கிடப்பதுதான் காரணம். இவை இரண்டும் வேறு வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாயும். பிம்பமோ, சூரியன் எங்கே இருந்தாலும், படத்தில் பொருளுக்கு நேர் கீழேதான் விழும். நிழலில் வெளிச்சம் குறைந்திருக்கிறதே தவிர, தரை அங்கேயே இருக்கிறது. பிம்பம் இருக்கும் இடத்திலோ வேறொரு காட்சி தரையை மூடியிருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தெருவை ஒட்டிய ஒரு மெத்தை வீடு. எதிர்ப்புறத்தில் நின்று நேராக எடுத்த படம். மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. வெயில் இடப்பக்கத்திலிருந்து வருவதால் காரின் நிழல் வலப்பக்கம் தரையில் விழுந்திருக்கிறது. காருக்கு முன்னால் தண்ணீர் தேங்கி, அதில் கார் தலைகீழாகத் தெரிகிறது.

முதலில் மூலப்படத்தைத் தொடாமல், ஒரு நகல் அடுக்கில் வேலையைத் தொடங்குவோம். காருக்குப் பின்னால் சுவர் தரையைத் தொடும் கோடு மறைந்திருக்கும். காரின் இரு பக்கமும் தெரியும் கோட்டை இணைத்தால் அது எங்கே ஓடுகிறது என்று தெரியும். அந்தக் கோட்டை முதலில் அமைத்துவிட்டு, மேலே சுவரையும் கீழே சாலையையும் Clone கருவியால் நிரப்ப வேண்டும். Ctrl விசையை அழுத்திக்கொண்டு நல்ல பகுதியைச் சொடுக்கினால், அங்கிருந்து எடுத்து இங்கே பூசலாம். Heal கருவி வசதியானதுதான். ஆனால் காரின் கருத்த விளிம்புக்கு அருகே அதைப் பயன்படுத்தினால் கருமையையும் சேர்த்து இழுத்து அழுக்குப் போல ஆக்கிவிடும். கார் முழுவதும் போன பிறகு, கடைசியில் ஒட்டுத் தெரியும் இடங்களைச் சரிசெய்ய மட்டும் அதை வைத்துக்கொள்வோம்.

அடுத்தது நிழல். நிழலுக்குள் ஜல்லியும் விரிசலும் மங்கலாகத் தெரிந்தால் அவற்றை அழிக்கக் கூடாது. அது உண்மையான தரை. வெளிச்சம் கொடுத்தாலே மீண்டு வரும். அடுக்கை நகலெடுத்து, Curves மூலம், நிழலுக்குள் இருக்கும் தரை வெயில் பட்ட தரையின் அளவுக்கு வரும்வரை வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். பிறகு அந்த அடுக்குக்குக் கறுப்பு முகமூடி போட்டு, நிழல் இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் திறந்துவிட வேண்டும். நிழலின் ஓரம் காருக்கு அருகே கூர்மையாகவும், தள்ளிப் போகப் போக மங்கலாகவும் இருக்கும். தூரிகையின் மென்மையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நிழல் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளை அல்லது கறுப்பு வரி நிற்கும். வெளிச்சம் கூட்டிய பின் தரை நீலமாகத் தெரிந்தால், நிழலுக்குள் வானத்தின் ஒளி மட்டும் விழுந்ததே காரணம். Curves பெட்டியில் நீலத்தைச் சற்றுக் குறைத்தால் சரியாகும்.

காரின் அடியில் இருக்கும் கரும் இருட்டுக்கு இந்த முறை உதவாது. அங்கே படத்தில் எந்த விவரமும் பதிந்திருக்காது. வெளிச்சம் கூட்டினால் கட்டம் கட்டமாகப் புள்ளிகள்தான் வரும். பக்கத்துச் சாலையை எடுத்துத்தான் பூச வேண்டும். மழையின்போதே கார் அங்கு நின்றிருந்தால், அதன் அடித்தரை காய்ந்து வெளிறியிருக்கும். சுற்றிலும் ஈரமாக இருக்க, நடுவில் கார் அளவுக்கு ஒரு காய்ந்த இடம் கிடந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தையும் ஈரச் சாலையால்தான் நிரப்ப வேண்டும்.

இனி பிம்பம். பலர் இங்கே வெறும் சாலையை எடுத்துப் பூசிவிடுவார்கள். ஆனால் கார் அங்கு இல்லாதிருந்தால் தண்ணீரில் தெரிந்திருப்பது சாலையல்ல. பின்னால் இருக்கும் வீடு. ஆகவே வீட்டின் பிம்பத்தை நாம்தான் அங்கே வைக்க வேண்டும். காரை நீக்கிய சுவர்ப் பகுதியை நகலெடுத்து, Flip Vertically மூலம் தலைகீழாக்கிக் கீழே நகர்த்த வேண்டும். எவ்வளவு கீழே என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். காரின் பிம்பம் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து தொடங்கும். வீட்டின் பிம்பமோ சுவர் தரையைத் தொடும் கோட்டிலிருந்துதான் தொடங்கும்.

நம் படத்தில் டயர் தொடும் இடம், சுவரின் அடிக்கோட்டுக்கு 55 பிக்சல் கீழே இருப்பதாகக் கொள்வோம். ஜன்னலின் மேல்விளிம்பு அடிக்கோட்டுக்கு 240 பிக்சல் மேலே இருக்கிறது. அதன் பிம்பம் அடிக்கோட்டுக்குச் சரியாக 240 பிக்சல் கீழே விழ வேண்டும். தவறுதலாக டயர்க் கோட்டை வைத்துத் திருப்பினால் அது 350 பிக்சல் கீழே போய்விடும். மறையாத அடுத்த ஜன்னலின் பிம்பம் பக்கத்திலேயே தண்ணீரில் தெரிந்தால், இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

படத்தைச் சாய்வாக எடுத்திருந்தால், தலைகீழாக்கிய சுவரின் அடிக்கோடு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். Shear கருவியால் அதை மேலும் கீழுமாகச் சரித்து, உண்மையான அடிக்கோட்டோடு பொருத்த வேண்டும்.

தண்ணீரில் தெரியும் பிம்பம் சுவரைவிட மங்கலாகவும் சற்றுக் கலங்கியும் இருக்கும். அடுக்கின் Opacity அளவைக் குறைத்து, சிறிதளவு Gaussian Blur கொடுத்து, பக்கத்தில் இருக்கும் உண்மையான பிம்பத்தோடு ஒப்பிட வேண்டும். தண்ணீரின் எல்லைக்கு வெளியே வந்த பகுதியை முகமூடியால் மறைத்துவிடலாம்.

முடிந்ததும் படம் முழுவதையும் இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாத ஒட்டுகள் அப்போது தெரியும். ஒரே கல்லோ கறையோ இரண்டு இடங்களில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் காரின் சாயலும், கார்க் கண்ணாடியில் பட்டுச் சுவரில் தெறித்த வெயில் திட்டும் மிஞ்சியிருக்கலாம். அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். காருக்குப் பின்னால் இருந்த வாசற்படியையோ திண்ணையையோ எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. நாம் வைப்பது ஊகம்தான். உறவினர் வீட்டில் அதே வாசலின் வேறு படம் இருந்தால், அதைப் பார்த்து வைப்பதே சரி. இல்லையென்றால் படத்தின் பின்புறத்தில் ‘கார் நீக்கப்பட்டது’ என்று எழுதி, மூலப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள். எல்லைத் தகராறு, விபத்து, புகார் மனு போன்றவற்றுக்குக் கொடுக்கும் படத்தில் இந்த வேலையை அறவே செய்யக் கூடாது. அங்கே அந்தக் கார் நின்றதும் சாட்சியத்தில் ஒரு பகுதிதான்.